மூக்கின் பின்வாசல்

தடிமன் பிடித்தவர் குடிக்கும் கோப்பி வெறும் கசப்புத் தண்ணீராகிவிடும். பழி பெரும்பாலும் கோப்பித்தூளில்தான் விழும். அடுத்த கோப்பையில் இன்னொரு கரண்டி தூளும் இன்னொரு கரண்டி சீனியும் சேரும். அப்போதும் சரிவராது, ஏனென்றால் கோப்பையில் எதுவும் குறைந்திருக்கவில்லை.

என்ன குறைகிறது என்பதை, தடிமன் இல்லாத ஒரு நாளில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அரைத் தேக்கரண்டி சீனியில் ஒரு சிட்டிகை கறுவாத்தூளைக் கலக்குங்கள். விரல்களால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு அதை நாக்கில் வைத்து, வாயை மூடியபடி சுவையுங்கள். இனிப்பு மட்டும்தான் வரும், கறுவா இருப்பதாகவே தெரியாது. விழுங்கியபின் விரல்களை எடுத்து மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். அந்த ஒரே நொடியில் கறுவா வந்து நிற்கும். அது நாக்கில் வந்ததுபோலத்தான் இருக்கும், ஏமாறுவது அங்கேதான்.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் வருவது போன்ற உமாமி என்ற சில சுவைகளே. மற்றதில் பெரும்பகுதி மணம். மணம் மூக்கை அடைய இரண்டு வழிகள் உண்டு. கோப்பையை முகர்ந்தால் அது முன்வழியாக, மூக்குத் துளைகளால் போகும். ஒரு மிடறு விழுங்கினால் பின்வழியாகப் போகும். விழுங்கும் கணத்தில், வாய்க்கூரையின் பின்பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து, தொண்டையிலிருந்து மூக்குக்குப் போகும் பாதையை அடைக்கும். விழுங்கி முடிந்ததும் பாதை திறக்கும். பெரும்பாலும் அடுத்து வருவது வெளிமூச்சு. வாயிலும் தொண்டையிலும் படிந்த கோப்பியின் ஆவியை அந்த மூச்சு அள்ளிக்கொண்டு மூக்கின் கூரைக்கு ஏற்றும். அங்கே, இரண்டு பக்கமும் சேர்ந்து தபால்முத்திரை ஒன்றிரண்டின் அளவே வரும் மெல்லிய தோலில், ஏறக்குறைய 400 வகை மண உணரிகள் காத்திருக்கின்றன. மூக்கைப் பொத்தினால் காற்று வெளியேற வழியில்லை. காற்று ஓடாவிட்டால் ஆவியும் ஏறாது. சோதனையில் கறுவா காணாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

வறுத்த கோப்பியில் ஆவியாகும் சேர்மங்கள் 800க்கும் மேல். அவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும்: கந்தகம் கொண்ட பியூர்பியூரைல் தயோல். கொட்டை வறுபடும்போது உருவாகும் இது, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 'கோப்பி மணம்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. ஊற்றிய கோப்பியில் இது சீக்கிரம் குறைந்துவிடும். ஃபிளாஸ்கில் சில மணிநேரம் கிடந்த கோப்பி மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குறை உங்கள் மூக்கிலா, கோப்பியிலா என்று சந்தேகம் வந்தால், தடிமன் இல்லாத ஒருவருக்கு அதே கோப்பையில் ஒரு மிடறு கொடுத்துப் பாருங்கள்.

தடிமனில் மூக்கின் உட்தோல் வீங்கி, சளியும் சேர்ந்து, கூரைக்குப் போகும் இடுக்கை அடைத்துவிடுகிறது. கசப்பையும் புளிப்பையும் அறியும் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் மணத்தின் துணை இழந்த கசப்பு தனியாக நின்று துருத்துகிறது. தூளைக் கூட்டினால் அந்தக் கசப்புத்தான் கூடும்.

சுக்குப் போட்ட கோப்பி மட்டும் இந்த நாட்களில் ஏன் உயிரோடு இருக்கிறது? சுக்கின் காரம் சுவையும் அல்ல, மணமும் அல்ல. சூட்டையும் எரிவையும் அறியும் முக்கிளை நரம்பு அதை வாயில் நேரடியாக உணர்கிறது. மூக்குக்கு அங்கே வேலை இல்லை. மல்லியின் கதை வேறு. அதன் அருமை மணத்தில்தான் என்பதால், கோப்பியோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும்.

நெஞ்சில் தைலம் பூசியதும் மூக்கு திறந்ததுபோல இருக்கும். மெந்தோல் அதே நரம்பில் குளிர்ச்சியைத் தூண்டுவதால் வரும் உணர்வு அது. அடைப்பு அப்படியேதான் இருக்கும், கோப்பியும் மணக்காது. வேது பிடித்தால் சளி இளகி, சற்று நேரத்துக்கு வழி கிடைக்கலாம். அடைப்பை நீக்கும் மூக்குத் துளிமருந்து வீக்கத்தை உண்மையிலேயே வற்றவைக்கும், ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், நிறுத்தும்போது அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பலாம்.

சளி போய், மூச்சு தாராளமாக ஓடியும் கோப்பி மணக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வழியில் இல்லை, மணத்தோலில் இருக்கிறது. கொரோனாவில் பலருக்கு மூக்கடைப்பே இல்லாமல் மணம் போனது இப்படித்தான். சில வாரங்கள் கடந்தும் திரும்பாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். மணத்தோலின் நரம்புக் கலங்கள் மீண்டும் வளரக்கூடியவை, ஆனால் மாதங்கள் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் சிலருக்குக் கோப்பி கருகல்போல, அழுகல்போல நாறும். அவர்களைப் பெரும்பாலும் முகம் சுளிக்க வைப்பது, மேலே சொன்ன அதே பியூர்பியூரைல் தயோல்தான்.