வரன் விளம்பரத்தில் எழுதப்படும் நிபந்தனையும் எழுதப்படாத நிபந்தனையும்

திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைக்காக வரும் பெற்றோரிடம், அவர்கள் நாளிதழிலோ இணையதளத்திலோ கொடுத்த விளம்பரத்தின் நகலையும், வந்த வரன்களைக் குறித்து வைத்திருக்கும் நோட்டையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். விளம்பரம் அவர்கள் கேட்பதைச் சொல்லும்; எந்த வரனை எதற்காகத் தள்ளினார்கள் என்பதை நோட்டு சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் படிப்பு, வேலை, உயரம், குடும்பம் என்ற நான்கு நிபந்தனைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது தெரிந்துவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். பெண் எம்.டெக். படித்தவர், வயது 29, உயரம் 5 அடி 4 அங்குலம், சென்னையில் மென்பொருள் பணி. தந்தை ஓய்வுபெற்ற அலுவலர். “இணையான அல்லது கூடுதல் படிப்பு, நல்ல வேலை, 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் உயரம், சொந்த வீடு, கௌரவமான குடும்பம்” என்று விளம்பரம் கேட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே சாதிப் பிரிவு என்ற சல்லடை ஒன்று இருந்தது. நாளிதழ்களின் வரன் பகுதியே பெரும்பாலும் அப்படித்தான் பிரித்து அச்சாகிறது என்பதால், அதை ஒரு நிபந்தனையாக யாரும் எண்ணுவதில்லை. கொல்கத்தாவின் ‘ஆனந்தபஜார் பத்திரிகா’ நாளிதழில் விளம்பரம் கொடுத்த குடும்பங்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்க மற்ற தகுதிகளில் பெரிய அளவுக்கு விட்டுக்கொடுக்கக் குடும்பங்கள் தயாராக இருப்பதைக் காட்டியது. ஆனால் நடைமுறையில் அப்படி விட்டுக்கொடுக்கும் தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. ஒவ்வொரு சாதிக்குள்ளும் படித்தவர்களும் வேலையில் இருப்பவர்களும் கிடைத்துவிட்டார்கள். ஆகவே போட்டியும் பேரமும் இந்த நான்கு நிபந்தனைகளின் மேல்தான் நடக்கின்றன.

படிப்பு என்ற நிபந்தனையில், பெண் எவ்வளவு கூடுதலாகப் படிக்கிறாரோ அவ்வளவுக்கு வரன்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. ஆணின் படிப்பு ஏற ஏற அவருக்கு அப்படிச் சுருங்குவதில்லை, ஏனெனில் மணமகள் தேவை விளம்பரங்களில் “பட்டதாரி போதும்” என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். மேற்சொன்ன குடும்பம் இணையதளத்தில் ‘முதுகலை’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. பி.இ. முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பெண்ணைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கும் பொறியாளர்கள் அனைவரும் அந்த ஒரு சொடுக்கில் வடிகட்டப்பட்டுவிட்டார்கள். தந்தை அவர்களைத் தள்ளவில்லை; அவர்களின் விவரம் அவர் கண்ணுக்கே வரவில்லை.

உயரத்தில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 செ.மீ.; அதாவது 5 அடி 5 அங்குலம். 5 அடி 8 அங்குலம் என்பது 173 செ.மீ. உயரங்கள் சராசரியைச் சுற்றியே குவிந்திருப்பவை. அதிலிருந்து விலக விலக எண்ணிக்கை வேகமாகக் குறையும். படித்த, வசதியான குடும்பத்து இளைஞர்களின் சராசரி சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், நிபந்தனையை 5 அடி 8-லிருந்து 5 அடி 7-க்கு இறக்கினால் தகுதிபெறுபவர்களின் எண்ணிக்கை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். இந்தக் கணக்கைச் சொன்னபோது தாய் சற்றுத் தயங்கிவிட்டு, “பெரிய மாப்பிள்ளை நல்ல உயரம், மேடம். போட்டோவில் ரெண்டு பேரும் பக்கத்தில் நிற்கணுமே” என்றார். மகளுக்கு இந்த நிபந்தனையில் அக்கறையே இல்லை. தன்னைவிடக் குட்டையாக இல்லாவிட்டால் போதும் என்றார். உயர நிபந்தனை பல வீடுகளில் மணமக்களுக்காக எழுதப்படுவதில்லை, ஏற்கெனவே வந்திருக்கும் மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் எதிராக எழுதப்படுகிறது என்பது என் எண்ணம்.

வேலையைப் பொறுத்தவரை, மணமகள் கேட்கும் விளம்பரங்களில் “வேலைக்குச் செல்லும், குடும்பப் பாங்கான பெண்” என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு எதிர்பார்ப்புகளும் தனித்தனியே நியாயமானவைதான். ஆனால் குழந்தை பிறந்தபின் யார் விடுப்பு எடுப்பது, ஒருவருக்குப் பெங்களூருக்கு மாற்றலானால் மற்றவர் என்ன செய்வது என்று வரும்போது அவை ஒன்றோடொன்று மோதும். திருமணமாகி ஓரிரு ஆண்டுகளில் என்னிடம் வரும் தம்பதிகளின் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில் தொடங்கியதுதான். சம்பளத் தொகையைப் பற்றிய சண்டை அரிது. விளம்பரத்திலோ தொகை இருக்கும், இந்தக் கேள்வி இருக்காது.

‘கௌரவமான குடும்பம்’ என்பதுதான் நான்கிலும் அளக்க முடியாதது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. 1986-இல் அதில் சேர்க்கப்பட்ட 4-ஏ பிரிவு, திருமணத்துக்கு ஈடாகச் சொத்திலோ தொழிலிலோ பங்கு தருவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியது. வெளிப்படையாக எழுத முடியாததை ‘வசதியான’, ‘அந்தஸ்துள்ள’, ‘ஒரே மகள்’ போன்ற சொற்கள் சுமக்கின்றன என்றே நான் புரிந்துகொள்கிறேன். எல்லோரும் அந்தப் பொருளில்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அது வழக்கு, கடன், குடிப்பழக்கம் இல்லாத வீடு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதனால் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு குடும்பத்திடமும், “எது இருந்தால் கௌரவமில்லை என்பீர்கள்?” என்று கேட்கிறேன்.

இந்தத் தந்தையின் விடை நோட்டில் இருந்தது. ஒரு பக்கத்தில், எல்லா நிபந்தனைகளையும் தாண்டிய ஒரு வரன்: முதுகலைப் படிப்பு, 5 அடி 10, சொந்த வீடு. எதிரே, “கல்யாணமாகாத இரண்டு தங்கைகள், வேண்டாம்” என்று எழுதியிருந்தார். சில பக்கங்கள் தள்ளி, 5 அடி 6 உயரமுள்ள மருத்துவர், வாடகை வீடு. ஜாதகப் பரிமாற்றம் வரை போயிருக்கிறது. பிறகு பையன் வீட்டார் பதில் சொல்லவில்லை. ஆக, மருத்துவர் என்ற ஒரு தகுதிக்காக இரண்டு அங்குலமும் சொந்த வீடும் விட்டுக்கொடுக்கப்பட்டன. விளம்பரத்தில் எங்குமே இல்லாத தங்கைகளோ மற்ற எல்லாத் தகுதிகளையும் வீழ்த்திவிட்டார்கள். நோட்டைப் புரட்டிக்கொண்டே தந்தை, “பையன் தலையில் அந்தப் பொறுப்பு எத்தனை வருஷம் இருக்குமோ, மேடம்” என்றார். அந்தக் கவலையை நான் குறைசொல்லவில்லை. பணப் பொறுப்பைப் பற்றிய கேள்வியைப் பையன் வீட்டாரிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்றுதான் சொன்னேன்.

பெற்றோரையும் மகளையும் தனித்தனியே உட்காரவைத்து, நோட்டிலிருந்த வரன்களை இரண்டிரண்டாக எடுத்து, “இவ்விருவரில் யார்?” என்று கேட்டோம். மகள் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்டது வேலை பார்க்கும் ஊரையும், மாமனார் மாமியாருடன் ஒரே வீடா தனி வீடா என்பதையும்தான். இந்த முறைக்கும் எல்லை உண்டு: ஆலோசகர் முன்னால் எல்லோரும் சற்றுப் பெருந்தன்மையாகவே பேசுவார்கள். ஆகையால் வாயால் சொன்ன தேர்வும் நோட்டில் ஏற்கெனவே எழுதிய காரணமும் முரண்பட்டால் நான் நோட்டையே நம்புகிறேன்.

திருத்திய விளம்பரத்தில் ‘முதுகலை’ ‘பொறியியல் பட்டம்’ ஆனது. உயரம் 5 அடி 6 ஆனது. “சென்னையில் பணி, திருமணத்துக்குப் பின்னும் வேலையைத் தொடர்வார்” என்ற வரி புதிதாகச் சேர்ந்தது. ‘கௌரவமான குடும்பம்’ என்ற சொற்களை மட்டும் எடுக்கத் தந்தை சம்மதிக்கவில்லை. அவை இல்லாவிட்டால் உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.