மார்ஃபின் மருந்தும் மூழ்கிய படகும்: இரட்டை விளைவுக் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை

கெடுதி நேரலாம் என்று தெரிந்தே ஒன்றைச் செய்வது வேறு. கெடுதி நேர வேண்டும் என்பதற்காகவே செய்வது வேறு. இரட்டை விளைவுக் கோட்பாடு முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தற்காப்புக்காகக் கொல்வதைப் பற்றி எழுதியபோது தாமஸ் அக்குவினாஸ் இதற்கு வித்திட்டார். பின்வந்தவர்கள் அதை நான்கு நிபந்தனைகளாக வகுத்தார்கள்: செயல் தன்னளவில் தவறாக இருக்கக் கூடாது. நல்ல விளைவு மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும். கெட்ட விளைவு நல்லதை அடையும் வழியாக இருக்கக் கூடாது. கெடுதிக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு நன்மை பெரிதாக இருக்க வேண்டும்.

மனதுக்குள் இருக்கும் நோக்கத்தை யார் பார்த்தார்கள் என்று உடனே கேள்வி வரும். பார்க்க வேண்டியதில்லை. செயலின் விவரங்களிலேயே அதன் தடம் இருக்கும்.

கடும் வலியோடு சாவை நெருங்கிவிட்ட புற்றுநோயாளிக்கு மார்ஃபின் என்ற வலிநிவாரணியைக் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். கொடுப்பது வலியைத் தணிக்க, ஆனால் அது மூச்சை மந்தமாக்கிச் சாவை முந்தவைக்கலாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் அச்சம். இதுவரை அவ்வகை மருந்து எடுக்காதவருக்கு, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை வாய்வழியாகக் கொடுத்துத் தொடங்குவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் கழிவுகள் உடலில் தேங்கும் என்பதால் இன்னும் குறைவாக, இன்னும் நிதானமாக. வலி தணியாவிட்டால் முந்தைய அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூட்டுவார்கள். மருந்து மிஞ்சினால் பெரும்பாலும் முதலில் தூக்கக் கலக்கமும் தசைத் துடிப்பும் தெரியும். மூச்சு மந்தமாவது அதற்குப் பிறகுதான். இப்படிப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் சாவை முந்தவைப்பது அரிது. ஆக, தத்துவ வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் இந்த உதாரணம் நடைமுறையில் அவ்வளவு பொருந்துவதில்லை.

ஆனாலும் நோக்கத்தைக் கண்டுபிடிக்கும் வழியை இது காட்டுகிறது. மருந்து அட்டையைப் பாருங்கள். வலி ஏறியபோது அளவும் ஏறி, வலி அடங்கியதும் அங்கேயே நின்றிருந்தால் இலக்கு வலிதான். வலி அடங்கிய பிறகும் அளவு ஏறிக்கொண்டே போயிருந்தால் இலக்கு வேறு.

1992இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் மருந்தே சாட்சி சொன்னது. தீராத மூட்டுவாத வலியில் துடித்த முதிய பெண்ணுக்கு மற்ற மருந்துகள் பலிக்காமல் போக, மருத்துவர் பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் ரத்தக்குழாயில் ஏற்றினார். அதற்கு வலியைத் தணிக்கும் குணம் கிடையாது. அது இதயத்தை நிறுத்தும். நோயாளி பிழைத்திருந்தால் அந்த ஊசி எதையும் சாதித்திருக்காது. வலி நிற்க அங்கே இருந்த ஒரே வழி சாவுதான், மூன்றாம் நிபந்தனை அங்கேயே முறிந்தது. உடல் எரியூட்டப்பட்டுவிட்டதால் சாவுக்கு ஊசிதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை. எனவே தீர்ப்பு கொலை முயற்சி என்றே வந்தது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

போருக்கும் இதே கேள்வியைக் கொண்டுபோகலாம். 1944 பிப்ரவரியில், நாஜிகள் நார்வேயிலிருந்து கனநீரை ஜெர்மனிக்கு அனுப்ப முனைந்தார்கள். அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட அந்தப் பீப்பாய்கள், டின் ஏரியைக் கடக்கும் 'ஹைட்ரோ' என்ற படகில் ஏறின. பொதுமக்களும் பயணிக்கும் படகு அது. க்னூட் ஹௌகெலிட் தலைமையிலான நார்வே எதிர்ப்புப் போராளிகள், முந்தைய இரவு அதன் அடித்தளத்தில் வெடிமருந்தை வைத்து, அலாரக் கடிகாரங்களை இணைத்தார்கள். ஏரியின் ஆழமான பகுதிக்குப் படகு வரும்போது வெடிக்கும்படி நேரம் குறித்திருந்தார்கள், பீப்பாய்களை மீட்க முடியாதபடி. பயணிகள் குறைவாக இருக்கும் என்பதால் ஞாயிறு காலைப் பயணமாகப் பார்த்து, ஏற்றுமதி அன்றைக்கே அமைய கனநீர் ஆலைக்குள்ளிருந்து உதவியும் பெற்றார்கள். பிப்ரவரி 20 அன்று படகு மூழ்கியது. 14 நார்வேக்காரர்களும் 4 ஜெர்மானியரும் இறந்தார்கள்.

பயணிகள் அத்தனை பேரும் நீந்திக் கரையேறியிருந்தாலும் திட்டம் வெற்றிதான். அவர்கள் சாவு எதற்கும் வழியாக இல்லை. மக்கள் பீதியடைந்து சரணடையட்டும் என்று நகரத்தில் குண்டு போடுபவருக்கு இது பொருந்தாது. யாரும் சாகாவிட்டால் அவர் திட்டமே பொய்த்துப்போகும்.

ஆனால் எச்சரிக்கை கொடுத்திருக்கலாமே? கொடுத்தால் ரகசியம் போய்விடும், பீப்பாய்கள் வேறு வழியில் போய்விடும். நல்ல நோக்கம் மட்டும் போதாது, பொதுமக்கள் இழப்பைக் குறைக்கத் தன் பக்கம் அபாயத்தையும் ஏற்க வேண்டும் என்று தத்துவவாதி மைக்கேல் வால்சர் பின்னாளில் வலியுறுத்தினார். அந்த அளவுகோலில் ஞாயிறு காலையைத் தேர்ந்தது ஓரளவு தேறும். முழுதாகத் தேறுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

மிச்சமிருப்பது நான்காம் நிபந்தனை. இழப்புக்குத் தகுந்த பலன் கிடைக்குமா என்ற சந்தேகம் அங்கிருந்தவர்களுக்கே இருந்தது. ரேடியோவில் லண்டனிடம் கேட்டார்கள். கனநீரை அழிப்பது மிக முக்கியம் என்று பதில் வந்தது. போர் முடிந்த பிறகு, ஜெர்மனியர் அணுகுண்டை நெருங்கவே இல்லை என்று தெரியவந்தது. ஆனால் தராசுத் தட்டில் வைக்க வேண்டியது 1944 பிப்ரவரியில் போராளிகளுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டுமே.