தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் தலை ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலையில் பால் வாங்க வண்டியை எடுக்கிறவரிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்டால், "இங்க பக்கத்துலதான்" என்பார். அந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்தில் என்பதால் மெதுவாகத்தான் போவோம். மெதுவாகப் போவதால் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. தெருவுக்குள் 20, 25 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போவதில்லை. இரண்டாம் பாதிதான் தப்பு.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி சாயும்போது அந்தத் தலை கீழே வருவது வண்டி ஓடிய வேகத்தால் அல்ல, புவியீர்ப்பால். ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்கும். ஸ்பீடாமீட்டரில் 15 காட்டினாலும் 40 காட்டினாலும், சிக்னலில் நின்றபடியே சாய்ந்தாலும், கீழ்நோக்கிய அந்த 20 குறையாது. வண்டியின் வேகம் கூடினால் சறுக்கும் தூரம் கூடும், தோல் உரிவது கூடும், சுவரிலோ கம்பத்திலோ மோதும் அபாயம் கூடும். அவை எல்லாம் இந்த 20க்கு மேல் வருபவை.

விழுகிற வேகத்தைவிட, எவ்வளவு இடத்துக்குள் தலை நிற்கிறது என்பதுதான் மூளைக்கு முக்கியம். வெறும் தலை சிமென்ட் சாலையில் மோதினால் நசுங்கிக் கொடுப்பதற்கு அங்கே இருப்பது தலைத்தோலும் அதன் கீழுள்ள மெல்லிய சதையும் மட்டும். தாராளமாக 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,500 மில்லிமீட்டர் விழுந்த தலை 5 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது, வகுத்தால் 300. அதாவது தலையின் எடையைப் போலச் சுமார் 300 மடங்கு அழுத்தம். தலையின் எடை சுமார் 5 கிலோ, ஆக ஒன்றரை டன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கெட்டியான தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே கணக்கு 60 மடங்குக்கு வந்துவிடும், 300 கிலோ. கழுத்தும் தோளும் சேர்ந்து விழுவதால் ஆளுக்கு ஆள் இது மாறும், தோராயக் கணக்குதான். ஆனால் ஹெல்மெட் என்ன வேலை செய்கிறது என்பது இதில் முழுசாக இருக்கிறது. மேலே பளபளக்கும் ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது, உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கித் தலைக்கு நேரம் வாங்கித் தருகிறது.

கடலூரில் அடிக்கடி அமைகிற ஒரு நிலைமையில் இதை வைத்துப் பார்க்கலாம். ஞாயிறு சாயங்காலம், புதுப்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கிளம்புகிறார்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரம். கணவர் ஓட்டுகிறார், மனைவி புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார். இருவர் தலையிலும் ஒன்றுமில்லை. கடற்கரையை நெருங்க நெருங்கத் தார்ச்சாலையின் ஓரத்தில் காற்று கொண்டுவந்த மணல் மெல்லிய படலமாகக் கிடக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் அது தெரியாது. வண்டி 25இல் வருகிறது, ஒரு நாய் குறுக்கே பாய்கிறது, கை தானாக முன்பிரேக்கைப் பிடிக்கிறது. மணலின் மேல் முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு ஒருபக்கமாக வழுக்குகிறது.

அதன்பின் தலை தரைக்கு வர அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அவ்வளவுதான். "கையை ஊன்றிக்கொள்வேன்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த அரை விநாடியில் கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விழுகிறோம் என்று மூளை உணர்ந்து கையை விடுவிப்பதற்குள் தோள் தரையில் பட்டுவிடும். தோளுக்கு அடுத்துப் படுவது காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதி. மண்டையோட்டில் எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பில் சின்ன விரிசல் விழுந்து அந்தக் குழாய் கிழிந்தால் மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்க ஆரம்பிக்கும்.

பின்னால் இருந்தவர் கதை வேறு. ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு இரண்டு காலும் ஒரே பக்கம். பிடிமானம் ஒரு கையில் மட்டும். இவர் விழுவதற்கு வண்டி சாய வேண்டும் என்றுகூட இல்லை. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் வண்டி ஒருமுறை தூக்கிப்போட்டாலோ, நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை வெடுக்கென்று முறுக்கினாலோ, மல்லாக்கப் பின்னுக்குப் போவார். அப்போது முதலில் படுவது பின்மண்டை. ஓட்டுகிறவர் மட்டும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மனைவியையோ அம்மாவையோ வெறுந்தலையோடு ஏற்றிப்போகும் வழக்கம் எங்களுக்கு விளங்காத ஒன்று. முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாராவது இருக்கிறது.

விழுந்தவர்கள் பெரும்பாலும் உடனே எழுந்துவிடுவார்கள். மண்ணைத் தட்டிவிட்டு, யாரோ வாங்கிவந்த சோடாவைக் குடித்துவிட்டு, வீட்டுக்கும் போய்விடுவார்கள். மேலே சொன்ன ரத்தக்கசிவில் இப்படித் தெளிவாக இருக்கும் இடைவேளை ஒன்று உண்டு. சில நிமிடமும் இருக்கலாம், சில மணி நேரமும் இருக்கலாம். அதனால் தலையில் அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியாக விடக்கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, கூப்பிட்டால் சரியாக விழிக்காத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கை அல்லது கால் தளர்வது, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். "அலைச்சல், தூங்கட்டும் விடு" என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழக எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் புதுச்சேரிக்காரராக இருந்தாலும் பொருந்தும்.

இனி ஹெல்மெட்டுக்கு வருவோம். சின்னத் தூரத்துக்குப் போடுகிறவர்களிலும் பாதிப்பேர் வாரைப் பூட்டுவதில்லை. மேலே வைத்துக்கொண்டு போய் வருகிறார்கள். மாட்டாத ஹெல்மெட் முதல் உதறலிலேயே தலையைவிட்டுப் போய்விடும், தலை தரையைத் தொடும்போது அது நாலடி தள்ளி உருண்டுகொண்டிருக்கும். வார் தாடையின் நுனியில் இல்லாமல் தாடைக்கு அடியில், தொண்டையை ஒட்டி வரவேண்டும். இரண்டு விரல் நுழையும் அளவு போதும். பூட்டியபின் பின்பக்க விளிம்பில் கையைக் கொடுத்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முகத்துக்கு வந்தால், வார் தளர்வு அல்லது சைஸ் பெரிது. நம்முடையது உப்புக்காற்று ஊர் என்பதால் பூட்டின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கையும் வாரைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் துரு பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பூட்டியபின் வாரைக் கீழ்நோக்கிப் பலமாக இழுத்தால் ஒரு பல்கூட வழுக்கக் கூடாது. பூட்டு போனபின் வாரை முடிச்சுப் போட்டு ஓட்டுவதும் உண்டு. அது போலீஸ்காரருக்குக் காட்டத்தான் ஆகும்.

சைஸ் வாங்கும்போது எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே தையல்காரர் டேப்பைச் சுற்றி அளந்து, அந்த மில்லிமீட்டரை உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். புதிதில் கன்னத்தை லேசாக அழுத்தினால் சரியான அளவு.

சாலையோரத்தில் விற்கும் சட்டி மாதிரியான அரை ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டும் பின்மண்டையும்தான் அடிபடும் இடங்கள் என்று மேலே பார்த்தோம். அந்த இரண்டையும் அது திறந்தே விட்டுவிடுகிறது. உள்துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் பலவற்றில் தெர்மாகோலே இருக்காது, மெத்தைப் பஞ்சுதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை அமுங்கிவிடும் பஞ்சு, தலை விழும் வேகத்தில் ஒன்றும் செய்யாது. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே IS 4151 என்றும் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். முத்திரையை ஸ்டிக்கராக யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்பதால், BIS Care என்ற செயலியில் Verify Licence Details பகுதியில் அந்த எண்ணைப் போட்டுக் கம்பெனி பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்தச் சான்று இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டவிரோதம்.

சட்டத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும், நாலு வயது தாண்டிய பிள்ளைக்கும் பொருந்தும். தூரத்துக்கு விலக்கு அதில் எங்கும் இல்லை. அபராதம் 1,000 ரூபாய், லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் இடமுண்டு. அது மத்தியச் சட்டம். ஆல்பேட்டை தாண்டிப் பாலம் ஏறியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கமும் அதே பிரிவுதான்.

சின்னப் பயணத்தில் ஹெல்மெட் விட்டுப்போவதற்கு அலட்சியத்தைவிட, அது இருக்கும் இடம் காரணம். சாவி வாசலில் ஆணியில் தொங்குகிறது, ஹெல்மெட் உள்ளறையில் பீரோ மேல் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்றால் முழு ஹெல்மெட் பல ஸ்கூட்டர்களில் நுழையாது, நுழைந்தால் மளிகைக்கு இடமில்லை. கண்ணாடிக் கம்பியில் மாட்டினால் கம்பி நுனி தெர்மாகோலில் குழி விழுத்தும். அந்த இடத்தில் அது ஏற்கனவே நசுங்கிவிட்டது, மறுபடி எழும்பாது. விழுந்து ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட்டை மாற்றச் சொல்வதும் இதனால்தான், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். கடைக்குள் போகும்போது வாரை வண்டியின் கொக்கியில் ஒரு சின்னக் கேபிள் பூட்டால் மாட்டிவிட்டுப் போகலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இதைவிட எளிது. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டாமல் ஹெல்மெட்டுக்குள் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். இரண்டாவது ஹெல்மெட்டும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். பால் வாங்கப் போகிறவர் சாவிக்காகக் கையை விடும்போது ஹெல்மெட் எப்படியும் கையோடு வந்துவிடும்.