10 புகைப்படங்கள், 52 நிமிடங்கள்

ஒரு புகைப்படம் திரையில் அசையாமல் நின்றால், பார்ப்பவர் கண் அதை 6, 7 விநாடிகளில் மேய்ந்து முடித்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் நெளிய ஆரம்பிப்பார். ஒருவரைப் பற்றி 10 படங்கள்தான் தேறுகின்றன என்றால், ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டினாலும் இரண்டரை நிமிடம்கூட வராது. தொலைக்காட்சிக்கான ஆவணப்படத்தின் வழக்கமான நீளம் 52 நிமிடம். மிச்சத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வானிலை விஞ்ஞானி அன்னா மணியை எடுத்துக்கொள்வோம். 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைர ஆய்வு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி, 1948 முதல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் வேலை. துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார். இவ்வளவு நீண்ட வாழ்க்கை. ஆனால் பொதுவெளியில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதென்னவோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில படங்கள்தான்.

அனுபவமில்லாதவர் முதலில் வாழ்க்கை வரலாற்றை வரிசையாக எழுதிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் காட்சி தேடுவார். இங்கே அது எடுபடாது. எது எஞ்சியிருக்கிறது என்ற கணக்கெடுப்பு முதலில், திரைக்கதை அதற்குப் பிறகு. எடிட் அறைச் சுவரில் அட்டைகளை ஒட்டி வைப்பதுதான் இன்றைக்கும் நல்ல வழி. ஒரு அட்டைக்கு ஒரு சான்று. காகிதமா, பொருளா, இடமா, மனிதரின் நினைவா என்று நிறம் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுவாரியாக ஒட்டிப் பார்த்தால் எந்த இடம் காலி என்று பளிச்சென்று தெரியும்.

அன்னா மணியின் சுவரில் 1940 முதல் 1945 வரை காலியாகத்தான் கிடக்கும் என்று நினைப்போம். உண்மையில் அந்த இடத்தில்தான் புதையல் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் தனி ஆளாக எழுதிய ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையை அவர் பதிவு செய்தார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அதன் மீது ஒளியைப் பாய்ச்சி, அது உமிழும் மங்கலான ஒளிர்வை நிறமாலைமானி வழியாக ஒளிப்படத் தகட்டில் விழச் செய்ய வேண்டும். ஒளி மிகவும் மங்கல் என்பதால் ஒரு தகட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம்வரை வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. சில இரவுகளில் அவர் ஆய்வகத்திலேயே தூங்கினார்.

அந்தக் காலத்து ஒளிர்வு ஆய்வுக் கட்டுரைகளில் இப்படி எடுத்த நிறமாலைகளையே அச்சிட்டுவிடுவார்கள். கறுப்புப் பட்டையில் வெள்ளைக் கோடுகள். நீலமாக ஒளிரும் வைரத்தில் 4152 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு கோடு விழும்; குளிரக் குளிர அது மெலிந்து கூர்மையாகும். அவரைப் பிடித்த படங்கள் குறைவு, சரி. அவர் பிடித்த படங்கள் இருக்கின்றனவே! அதுவும் நொடிப்பொழுதில் எடுத்தவை அல்ல; ஒவ்வொன்றும் ஒரு இரவு முழுவதையும் தனக்குள் வாங்கி வைத்திருக்கும் படம். என்னைக் கேட்டால், படத்தின் முதுகெலும்பு இதுதான். முகம் தெரியாத விஞ்ஞானியை அவர் அளந்த அளவுகள் வழியாகக் காட்டுவது. வைரத்தின் ஒளி, சூரியனின் வெப்பம், காற்றின் வேகம் என்று அவர் வாழ்க்கையே அப்படித்தான் பிரிகிறது. பிறப்பு, படிப்பு, பதவி, ஓய்வு என்று போவதைவிட இந்த மூன்று அளவுகளை மூன்று பகுதிகளாக வைத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் கேமரா முன்னால் வைக்க ஏதாவது ஒன்று கிடைக்கும்.

முதல் பகுதியை எப்படிப் படமாக்குவது? இதே போன்ற சோதனையை இன்றைக்கும் ஒரு இயற்பியல் ஆய்வகத்தில் செய்து காட்டலாம். இருட்டறை, குளிரூட்டிய கல், புற ஊதா விளக்கு, அதன் கீழ் நீலமாக மினுங்கும் வைரம். நடிகை ஒருவருக்கு 1940களின் சேலை கட்டி ஜன்னலோரம் உட்கார வைக்கும் ஆசை வரும். வேண்டாம். மீளுருவாக்கக் காட்சியில் முகம் வந்தால், பார்ப்பவர் மனதில் அந்த நடிகையின் முகமே அன்னா மணியாகப் பதிந்துவிடும். உண்மையான படம் வரும்போது அது அந்நியமாகத் தெரியும். கைகளும் கருவியும் மட்டும் போதும். இது இன்று செய்து காட்டுவது என்று அந்த இடத்திலேயே எழுத்தில் போட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு வெற்றிடமும் உண்டு. 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் இருக்கிறது. இதைச் சொல்ல சோக இசையும் மழைக் காட்சியும் தேவையில்லை. அலமாரியிலிருந்து ஏட்டை எடுத்து மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டும் ஒரே நீண்ட ஷாட் போதும். காகிதம் புரளும் சத்தத்தைத் தனி மைக்கில் பதிய வேண்டும். படமில்லாத படத்தில் ஒலிக்கு வேலை இரண்டு மடங்கு.

இரண்டாம் பகுதி சூரியன். 1957-58இல் நடந்த சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை அவர் அமைத்தார். அதற்கு முன்பே புனேயில் சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே தயாரிக்க வழி செய்திருந்தார். இந்தப் பகுதிக்கு நாயகன் பைரனோமீட்டர் என்ற கருவி. கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கறுப்புத் தட்டு. வெயில் பட்டால் அது சூடாகும். கீழே இரு வேறு உலோகங்களின் இணைப்புகளில் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் எழும். மேகம் ஒன்று கடந்தால் அளவு சட்டென்று இறங்கும். ஒரு மொட்டைமாடி கிடைத்தால் போதும், எடுத்துவிடலாம்.

அதைவிட நல்ல காட்சி, அந்தக் கருவியைச் சரிபார்ப்பது. நீண்ட கம்பியின் நுனியில் உள்ள சிறு வட்டத் தகட்டை நீட்டி, சூரியன் மட்டும் மறையும்படி குமிழின் மேல் நிழல் விழச் செய்வார்கள். நிழலில் ஒரு அளவு, நிழலை விலக்கினால் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரடி வெயிலின் பங்கு. பக்கத்தில் சூரியனையே குறிபார்த்து நிற்கும் தரக்கருவி காட்டும் எண்ணைச் சூரியனின் உயரக் கோணத்துக்கு ஏற்பத் திருத்தி, இதோடு ஒப்பிடுவார்கள். அன்னா மணி எப்படிப்பட்டவர் என்று பத்துப் பேர் புகழ்ந்து சொல்வதைவிட, அந்த நிழல் விழுந்து விலகும் இரண்டு நிமிடம் அதிகம் சொல்லும்.

சாட்சிகளையும் இந்தக் கருவிகளோடுதான் உட்கார வைக்க வேண்டும். 1960களில் அவரிடம் வேலை பார்த்தவர்கள் இருந்தால் இன்று 80 வயதைத் தாண்டியிருப்பார்கள். திரைக்கதை முடியட்டும் என்று காத்திருக்காமல் முதலில் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும். "மேடம் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "ரொம்ப கண்டிப்பு, ஆனா நல்லவங்க" என்ற பதில் வரும், யாரைப் பற்றிக் கேட்டாலும் வரக்கூடிய பதில். பழைய பைரனோமீட்டரைக் கையில் கொடுத்து, "இதை எப்படி ஐயா சரிபார்ப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாக வேலையை ஆரம்பிக்கும். எண்ணைத் தப்பாக எழுதியதற்கு யார் திட்டு வாங்கினார், எந்தக் குமிழ் உடைந்தது என்று கதை பின்னாலேயே வரும்.

அப்படி வரும் கதைகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அன்னா மணியைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு: எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்றாராம். பின்னாளில் வைரத்தையே ஆராய்ந்தார் என்பதால், எந்த இயக்குநருக்கும் இதை முதல் காட்சியாக வைக்கக் கை துறுதுறுக்கும். நூறு கட்டுரைகளில் வந்திருக்கிறது என்பதற்காக நூறு சான்றுகள் ஆகிவிடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்தெழுதியதுதான் பெரும்பாலும். இதை "இப்படிச் சொல்வார்கள்" என்ற தொனியில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வதுதான் நியாயம். உலக வானிலை அமைப்பின் இதழுக்கு அவர் அளித்த பேட்டிக்கும் இதே எச்சரிக்கை. அச்சில் வந்தது, ஆசிரியர் கைபட்டது. அதை ஒருவரைப் படிக்க வைத்தால், படிப்பவர் வேறு என்பது திரையில் தெரிய வேண்டும்; படிக்கும்போது அச்சுப் பக்கமே காட்சியாக இருக்க வேண்டும்.

எங்கே வழுக்கும் என்றால், கேரளக் கடற்கரையில் இருக்கும் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில். விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின் பேரில் அங்கே வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்தவர் அன்னா மணி. தும்பாவுக்குப் படங்கள் தாராளம்: தேவாலயம், கடற்கரை, ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் கொண்டுபோகும் அந்தப் புகழ்பெற்ற படம். கையில் காட்சி இருக்கிறதே என்று 12 நிமிடம் போட்டுவிடுவார்கள். அவர் வாழ்க்கையில் சிறு பகுதியாக இருந்தது படத்தில் பெரும்பகுதியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒலியை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் ஓடவிடுங்கள். எந்த நிமிடத்தில் இது வேறொரு விஞ்ஞானியின் படமாகவும் இருக்கலாமே என்று தோன்றுகிறதோ, அந்த நிமிடம் வெறும் ஒட்டு. 1940களின் பெங்களூர்த் தெருக்கள், ஓடும் ரயில், காலண்டர் தாள் பறப்பது எல்லாம் இந்தச் சோதனையில் அடிபட்டுப் போகும்.

கடைசிப் பகுதி காற்று. ஓய்வுக்குப் பிறகுதான் அவர் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980, 1981இல் இரண்டு பெரும் தொகுப்புகளாகக் கொண்டுவந்தார். அப்புறம் காற்றாலைகளுக்கு எங்கே போதிய காற்று இருக்கிறது என்ற தரவுகளில் இறங்கினார். பக்கம் பக்கமாக எண்கள். ஒரு ஊரை மட்டும் எடுத்து, மாதவாரியான வேகத்தைத் திரையில் மெல்ல வரைந்து, அதே ஊரில் இன்று சுழலும் இறக்கைகளின் சத்தத்தை அடியில் வைக்கலாம். 1994இல் பக்கவாதம் வந்து அவர் முடங்கியதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம்.

அந்தப் புகைப்படங்களை எங்கே வைப்பது? நல்ல ஒன்றைத் தொடக்கத்திலேயே முழுதாக, ஜூம் இல்லாமல் 10 விநாடி காட்டிவிட வேண்டும். முகத்தைக் கடைசிவரை ஒளித்து வைப்பது வித்தை காட்டுவதுபோல் இருக்கும். மற்றவை அவை எடுக்கப்பட்ட ஆண்டு வரும்போது மட்டும், ஒவ்வொரு முறைதான். இப்படியெல்லாம் வெட்டி ஒட்டி முடித்த பிறகு கையில் 38 நிமிடம்தான் மிஞ்சுகிறது என்றால், 14 நிமிடத்துக்குக் கடற்கரையைச் சேர்க்காமல், 38 நிமிடப் படமாகவே திரையிடலாம்.