வண்டி நின்றாலும் வேலை நிற்பதில்லை: வீட்டு டிரைவரின் காத்திருப்பை எழுதி வைப்பது எப்படி

சம்பளத் தகராறு வந்தால் முதலாளி ஸ்டியரிங் பிடித்த நேரத்தை மட்டும் எண்ணுவார். டிரைவரோ வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்தது வரை எண்ணுவார். இரண்டுமே தப்பு. "இந்த நேரத்தில் டிரைவர் யார் வசம் இருந்தார்?" என்பதுதான் கேள்வி.

1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் வேலை நேரத்தை முதலாளியின் வசம் இருக்கும் நேரமாகவே பார்த்தது. அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்கான சட்டமாக இருந்தது, ஒரு வீட்டு டிரைவருக்கு நேராகப் பொருந்தவில்லை. அதனால் வேலைக்குச் சேரும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

நோட்டில் மூன்று நிலைகள் போதும்: ஓட்டம், காத்திருப்பு, விடுவிப்பு. நிலை மாறும்போது மட்டும் மணியை எழுதினால் போதும். பக்கத்தில் கிலோமீட்டர் ரீடிங். விடுவிப்பு என்று எழுத மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: திரும்ப வரவேண்டிய நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும், சாவியும் வண்டிப் பொறுப்பும் கையில் இருக்கக் கூடாது, போனுக்குப் பதில் சொல்லும் கடமையும் இருக்கக் கூடாது. "கூப்பிட்டா வா, பக்கத்துலயே இரு" என்றால் அது காத்திருப்பு. சீட்டைச் சாய்த்துத் தூங்கினாலும் காத்திருப்புதான்.

சென்னையில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 7:40-க்கு வண்டியைத் துடைக்கத் தொடங்குகிறார். 8:30-லிருந்து 9:15 வரை கிண்டி அலுவலகத்துக்கு ஓட்டம். 1:00 வரை பார்க்கிங்கில் இருப்பு. 40 நிமிடம் ஓட்டி ஒரு மீட்டிங், பிறகு 2:45-லிருந்து 3:20 வரை திரும்பும் ஓட்டம். நாலு மணிக்கு சாவியை வாங்கிக்கொண்டு "ஆறரைக்கு வாங்க" என்கிறார்கள். 5:10-க்கே போன்: வீட்டிலிருந்து ஒரு ஃபைல் வேண்டும். போய்வர ஒன்றரை மணி நேரம். 7:30-லிருந்து 8:40 வரை வீடு நோக்கி ஓட்டம், 8:50-க்கு சாவி ஒப்படைப்பு.

ஓட்டம் மொத்தம் 4 மணி 40 நிமிடம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை 13 மணி 10 நிமிடம். விடுவிப்பு இரண்டரை மணி நேரமல்ல, அழைப்பு வந்த 5:10 வரையிலான 1 மணி 10 நிமிடம்தான். ஆக வேலை நேரம் சரியாக 12 மணி. பலரும் தவறுவது இங்கேதான்: சொன்ன விடுவிப்பைக் கழிக்கிறார்கள், கிடைத்ததைக் கழிப்பதில்லை.

பார்க்கிங்கில் கழியும் சாப்பாட்டு அரை மணியும் இதே கணக்குதான். சாவி பாக்கெட்டில் இருந்தால் கழிக்க முடியாது.

மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து நிரப்பிய நோட்டை அடையாளம் காண்பது சுலபம்: எல்லா நேரமும் 9:00, 1:00, 6:00 என்று முழு மணியாகவே இருக்கும், மையும் ஒரே நிறம். பார்க்கிங் சீட்டு, ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி, போனின் அழைப்புப் பட்டியல் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் உடனே சிக்கும். அதைவிட, வண்டியை விடும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடலாம்: "7:40–8:50, விடுவிப்பு 4:00–5:10". மறுப்பு இருந்தால் மறுநாளே வரும்.

காத்திருப்புக்குக் குறைந்த ரேட் பேசிக்கொள்வது வேறு விஷயம். அப்படிப் பேசினாலும் நேரம் நோட்டில் முழுதாக இருக்கட்டும். குறைப்பது ரூபாய்க் கணக்கில் மட்டும்.