வெற்றுக் கட்டத்துக்கு நான்கு அர்த்தம்: சுகாதாரக் கணக்கெடுப்புப் படிவங்களை எக்செலில் ஏற்றும்போது

சமுதாய சுகாதாரக் கணக்கெடுப்பு முடிந்து படிவங்கள் கட்டுக்கட்டாக டேட்டா என்ட்ரிக்கு வரும். எழுதப்பட்ட பதில்களால் அதிகம் தொல்லை இல்லை. எழுத்து புரியாவிட்டால் களப்பணியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். பதிலே எழுதாமல் விட்ட இடங்கள்தான் முடிவைப் புரட்டிப் போடுகின்றன. அவற்றை எப்படிப் பதிய வேண்டும் என்று பதிவு விதிகளைச் சொல்லும் பல கோட்புக்குகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

படிவத்தில் ஒரு இடம் காலியாக இருக்க நான்கு காரணங்கள் உண்டு. அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தாமல் இருக்கலாம்: ‘புகைபிடிப்பீர்களா?’ என்பதற்கு இல்லை என்றவரிடம் ‘ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று கேட்க மாட்டார்கள். கேட்டும் அவர் சொல்ல மறுத்திருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். அல்லது களப்பணியாளர் கேட்கவே மறந்திருக்கலாம். காகிதத்தில் நான்கும் ஒரே மாதிரி வெறுமையாகத் தெரியலாம். ஆனால் முதலாவது சரியான நிலை, கடைசியானது கணக்கெடுப்பின் குறை. எக்செலிலும் நான்கையும் வெறுமையாகவே விட்டுவிட்டால், பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் பதிவு தொடங்கும் முன்பே நான்குக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்துவிட வேண்டும். நான் பரிந்துரைப்பது: பொருந்தாது 996, மறுத்தார் 997, தெரியாது 998, விடுபட்டது 999. எண் எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் அந்த நெடுவரிசையில் அது நிஜப் பதிலாக வரவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் படிவத்தில் தெரியாது என்பதற்கு 77, மறுத்தார் என்பதற்கு 88 என்று இருக்கும். அதைப் பார்த்து எல்லாக் கேள்விக்கும் 88 போடுகிறவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 88 என்பது தினமும் பார்க்கிற அளவு. வயது 88 ஆன பாட்டியும் வீட்டில் இருப்பார். அந்த நெடுவரிசைகளில் 88 யாரைக் குறிக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. பிறப்பு எடையை கிராமில் எழுதினால் 999 கூட ஒரு குறைமாதக் குழந்தையின் எடையாக இருக்கலாம், அங்கே 9996 முதல் 9999 வரை வைக்க வேண்டும்.

சரி, குறியீடு போட்டாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை. ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம்.

200 பேரின் படிவம் இருக்கிறது என்று வையுங்கள். 180 பேருக்கு ரத்த அழுத்தம் அளந்திருக்கிறது, அதில் 50 பேரின் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல், அதாவது உயர் ரத்த அழுத்தம். 20 படிவங்களில் அளவு இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் கீழ் அளவையும் சேர்ப்பது தனி வேலை, இங்கே மேல் அளவு மட்டும் போதும். மேல் அளவு G நெடுவரிசையில் இருந்தால், எக்செலில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்:

```
=IF(G2>=140,1,0)
```

20 கட்டங்களும் வெறுமையாக இருந்தால், இந்தச் சூத்திரம் வெறுமையை 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்பது 140-ஐவிடக் குறைவு, ஆக அளக்கப்படாத 20 பேரும் இயல்பான அழுத்தம் உள்ளவர்களாகிவிடுவார்கள். விடை 50/200, அதாவது 25%. அதே 20 கட்டங்களிலும் 999 இருந்தால், அவர்கள் எல்லோரும் உயர் ரத்த அழுத்தக்காரர்கள். விடை 70/200, 35%. அளந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 50/180, சுமார் 27.8%. ஒரே படிவங்கள்தான், மூன்று விடை வருகிறது. எக்செல் எந்த இடத்திலும் பிழை காட்டாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 35% என்று அறிக்கையில் போனால் மாத்திரை கொள்முதல்கூட அதை வைத்துத் திட்டமிடப்படலாம்.

சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
=IF(G2="","",IF(G2>=996,"",IF(G2>=140,1,0)))
```

இந்த நெடுவரிசைக்கு AVERAGE போட்டால் 1, 0 உள்ள 180 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு சரியான விகிதத்தைத் தரும். முடிவோடு ‘அளந்தவர்கள் 180 பேர்’ என்பதையும் எழுத வேண்டும். அந்த 20 பேர் யார் என்றும் பாருங்கள். ஒரே களப்பணியாளரின் படிவங்களாக இருந்தால், அவரிடம் இருந்த கருவி பழுதாகியிருக்கலாம். ஓரத்தில் ‘கையில் கட்டு, அளக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பை அப்படியே ஒரு தனி நெடுவரிசையில் ஏற்றிவிட வேண்டும்.

கோட்புக் என்பது இதற்கான ஒப்பந்தம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை: கேள்வி எண், எக்செலில் நெடுவரிசையின் பெயர், கேள்வியின் வாசகம், அனுமதிக்கப்பட்ட மதிப்புகள், விடுபட்டதற்கான குறியீடு, எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்விக்குத் தாவ வேண்டும் என்ற விதி. பலர் கடைசி விதியை எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் 996-ஐயும் 999-ஐயும் என்ட்ரி செய்பவர் ஊகித்துத்தான் போட வேண்டியிருக்கும். ‘எங்கே சிகிச்சைக்குப் போவீர்கள்?’ போலப் பல பதில் வரும் கேள்விக்கு ஒவ்வொரு பதிலுக்கும் தனி நெடுவரிசை வைத்து 1 அல்லது 0 போடுங்கள். ஒரே கட்டத்தில் 1-3 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்.

முரண்பட்ட பதில்களும் வரும். புகைபிடிப்பதில்லை என்று குறித்துவிட்டு, கீழே ‘10’ என்று எழுதியிருப்பார்கள். எது சரி என்று என்ட்ரி செய்பவர் தீர்மானிக்கக் கூடாது. இரண்டையும் உள்ளபடியே ஏற்றி, அந்தப் படிவ எண்ணைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். களப்பணியாளரிடம் கேட்ட பிறகு எடுத்த முடிவைத் தேதியோடு கோட்புக்கில் எழுத வேண்டும். அப்புறம் அதே மாதிரி வரும் எல்லாப் படிவங்களுக்கும் அதே விதிதான்.

இனி இரட்டைப் பதிவு. இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி, இரு ஷீட்டையும் ஒப்பிடுவது நல்ல வழக்கம். ஆனால் ஒப்பிட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்:

```
=Entry1!G2=Entry2!G2
```

ஒருவர் 0 போட்டு, மற்றவர் வெறுமையாக விட்டிருந்தால் இது TRUE என்று சொல்லும். எக்செலுக்கு இந்த ஒப்பீட்டில் வெறுமையும் பூஜ்யமும் ஒன்று. ‘கடந்த வாரம் எத்தனை நாள் காய்கறி சாப்பிட்டீர்கள்?’ என்ற கேள்வியில் ஒரு நாளும் இல்லை என்பதும், கேட்கவே இல்லை என்பதும் பொருந்துவதாகத் தேறிவிடும். நாம் பிடிக்க நினைத்த பிழையே தப்பிவிடுகிறது. அதற்குப் பதிலாக:

```
=EXACT(Entry1!G2,Entry2!G2)
```

இது இரண்டையும் பிரித்து FALSE காட்டும். FALSE வந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதப் படிவத்தை எடுத்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இரண்டு பேரில் யார் அனுபவசாலி என்று பார்த்து அவர் போட்டதை ஏற்றுக்கொள்வது திருத்தம் ஆகாது.