ஞாயிறு காலை 9.30: திடீர் நெரிசலுக்கு எந்த டேட்டாபேஸ் திட்டம்?

குரூப் 4 தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம். ஞாயிறுதோறும் காலை 9.30 முதல் 12.30 வரை மாதிரித் தேர்வு நடத்துவார்கள். 200 கேள்விகள், சுமார் 12,000 பேர் செல்போனில் எழுதுவார்கள். ஒரு ஞாயிறு பத்து மணிக்கு அதன் உரிமையாளர் அழைத்தார். "சார், பதில் சேவ் ஆகலைன்னு பிள்ளைங்க போன் மேல போன் போடறாங்க. நீங்கதானே ஆட்டோ ஸ்கேலிங் போட்டா போதும்னு சொன்னீங்க?"

சொன்னது நான்தான். அந்த அமைப்பு ஏன் காலை வாரியது, பிறகு எதை எப்படிக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். டேட்டாபேஸ் அமேசானின் டைனமோடிபி. மற்ற நிறுவனங்களின் திட்டங்களில் பெயரும் விலையும் மாறும், ஆனால் இந்தக் கணக்குப் போடும் முறை அங்கேயும் உதவும்.

டைனமோடிபியில் பணம் கட்ட இரண்டு வழிகள். ப்ரொவிஷன்ட் என்றால் நொடிக்கு இத்தனை யூனிட் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மணிக்கணக்கில் வாடகை கட்டுவது. ஆன்-டிமாண்ட் என்றால் எத்தனை முறை எழுதினோம், படித்தோம் என்று எண்ணி அதற்கு மட்டும் கட்டுவது. 1 கேபி வரையுள்ள ஒரு பதிவை எழுத ஒரு ரைட் யூனிட் ஆகும். அதற்கு மேல் போனால் அடுத்த முழு கேபிக்கு ஏற்றிக் கணக்கிடுவார்கள்.

பலர் சறுக்குவது இந்த ஏற்றிக் கணக்கிடும் இடத்தில்தான். எங்கள் செயலி 30 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் விடைத்தாளையும் முழுதாகச் சேமிக்கும். 12,000 பேர் என்றால் நொடிக்கு 400 சேமிப்பு. நான் முதலில் 400 யூனிட் என்றே நினைத்திருந்தேன். ஆனால் 200 பதில்களும் அவற்றின் நேரக்குறிப்பும் சேர்ந்த ஒரு விடைத்தாள் இரண்டரை கேபி இருந்தது. ஆக, ஒரு சேமிப்புக்கு மூன்று யூனிட், நொடிக்கு 1,200. தேர்வு இல்லாத நேரத்தில் இதே டேபிளுக்கு நொடிக்குப் பத்து யூனிட் போதும். பத்திலிருந்து 1,200, அதுவும் 9.30 அடித்த ஒரே நிமிடத்துக்குள்.

இதற்கு நான் வைத்திருந்தது ப்ரொவிஷன்ட், கூடவே ஆட்டோ ஸ்கேலிங். குறைந்தபட்சம் 20 யூனிட், அதிகபட்சம் 2,000, இலக்குப் பயன்பாடு 70 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் பிசிறே இல்லை. கூட்டம் வந்தால் தானாக ஏறும், போனால் தானாக இறங்கும்.

நடந்ததைப் பாருங்கள். பயன்படுத்தாத யூனிட்டை டைனமோடிபி ஐந்து நிமிட அளவுக்குச் சேர்த்துவைத்திருக்கும். எங்களுக்கு மிச்சம் நொடிக்குப் பத்து, 300 நொடிக்கு 3,000 யூனிட். நொடிக்கு 1,200 கேட்டு வரும் கூட்டத்துக்கு அது இரண்டரை நொடி தாங்கியது. அதன் பிறகு 20 யூனிட்டுக்கு மேல் வந்ததெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டது. பின்னணியில் இருந்த எங்கள் நிரல் சில முறை மறுபடி முயன்று, முடியாமல் போனதும் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. (அதை எழுதிய தம்பியைத் திட்டிவிட்டு, பிறகு சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்தான் என்று பார்த்தேன்.)

ஆட்டோ ஸ்கேலிங் எங்கே போனது? அது வேலை செய்தது, ஆனால் படிப்படியாக. இலக்கைத் தாண்டிய பயன்பாடு தொடர்ந்து இரண்டு நிமிடம் இருந்தால்தான் அதன் அலாரம் அடிக்கும். அதைவிட முக்கியமான சங்கதி, அது பார்ப்பது நிஜமாக நுகர்ந்த யூனிட்டை. திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. 20 யூனிட் உள்ள டேபிளில், கதவுக்கு வெளியே 1,200 நின்றாலும் நுகர்வு 20 என்றுதான் தெரியும். 20 என்பது 70 சதவீதமாக இருக்க வேண்டுமானால் 29 வேண்டும், சரி, 29 ஆக்கு. அடுத்த முறை 29 முழுவதும் நுகரப்பட்டது, 41 ஆக்கு. இப்படி ஒவ்வொரு படியிலும் சுமார் 1.4 மடங்குதான் ஏறும். சேர்த்துவைத்த யூனிட்டால் முதல் படி கொஞ்சம் பெரிதாக அமையலாம். ஆனாலும் 1,200ஐத் தொடப் பத்துப் படி வரை ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாது.

இது நடக்கிறதா என்பதை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். நுகர்வுக் கோடு மேடு பள்ளம் இல்லாமல், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒதுக்கீட்டுக் கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு படிக்கட்டாக ஏறினால் வெளியே கூட்டம் நிற்கிறது என்று அர்த்தம். கூடவே, திருப்பி அனுப்பப்பட்டவற்றை எண்ணும் `WriteThrottleEvents` என்ற த்ராட்டில் அளவையும் பாருங்கள். நுகர்வை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

அடுத்த ஞாயிறுக்கு முன் டேபிளை ஆன்-டிமாண்டுக்கு மாற்றினோம். புதிய ஆன்-டிமாண்ட் டேபிள் எடுத்த எடுப்பில் நொடிக்கு 4,000 ரைட் யூனிட் தாங்கும். ப்ரொவிஷன்டிலிருந்து மாறி வந்த டேபிளுக்கும் அதற்குக் குறையாது. அதன் பிறகு, இதுவரை கண்ட உச்சத்தின் இரு மடங்கு வரை உடனே தாங்கும். 30 நிமிடத்துக்குள் அந்த இரு மடங்கையும் தாண்டினால்தான் தடுமாறலாம். எங்கள் 1,200க்கு இது தாராளம் என்று நிம்மதியாக உட்கார்ந்தோம்.

அன்றும் சேமிப்பு தடைபட்டது. முந்தைய வாரம் அளவுக்கு இல்லை, ஆனால் தடைபட்டது.

காரணம் ஒரு இண்டெக்ஸ். யார் யார் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்காணிப்பாளர் திரையில் காட்டுவதற்காக, தேர்வு எண்ணைப் பார்ட்டிஷன் கீயாகவும் கடைசியாகச் சேமித்த நேரத்தை சார்ட் கீயாகவும் வைத்து அதை உருவாக்கியிருந்தார்கள். விடைத்தாள் முழுவதையும் அதில் நகலெடுக்கவும் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் நேரம் மாறுகிறது. அதனால் இண்டெக்ஸில் பழைய வரியை அழிக்க மூன்று யூனிட், புதியதை எழுத மூன்று யூனிட். நொடிக்கு 400 சேமிப்புக்கு 2,400. அத்தனையும் ஒரே தேர்வு எண்ணின் கீழ், அதாவது ஒரே பார்ட்டிஷனில் போய் விழுந்தது. ஒரு பார்ட்டிஷன் நொடிக்கு 1,000 ரைட் யூனிட்டுக்கு மேல் வாங்காது. ஆன்-டிமாண்ட் ஆனாலும், எவ்வளவு பணம் கட்டினாலும் இந்த எல்லை அப்படியேதான் இருக்கும். இண்டெக்ஸ் திணறினால் மூல டேபிளில் எழுதுவதும் திருப்பி அனுப்பப்படும்.

இண்டெக்ஸை நீக்கிவிட்டு, கண்காணிப்புத் திரையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொகுத்துக் காட்டும்படி மாற்றினோம். மூன்றாவது ஞாயிறு ஒரு புகாரும் இல்லை. திட்டத்தை மாற்றுமுன் கீ எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இனி பணக் கணக்கு. அமேசானின் வடக்கு வர்ஜீனியா பகுதி விலையில் போடுகிறேன், உங்கள் பகுதிக்கு அதன் விலைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொவிஷன்டில் ஒரு ரைட் யூனிட்டுக்கு மணிக்கு 0.00065 டாலர். ஆன்-டிமாண்டில் பத்து லட்சம் ரைட் யூனிட்டுக்கு 0.625 டாலர். 2024 நவம்பரில் பாதியாகக் குறைத்த பிறகு உள்ள விலை இது. அதற்கு முன் எழுதப்பட்ட ஒப்பீடுகளை நம்ப வேண்டாம்.

ஒரு யூனிட்டை ஒரு மணி நேரம் முழுக்கப் பயன்படுத்தினால் 3,600 முறை எழுதலாம். அதே 3,600 முறை எழுத ஆன்-டிமாண்டில் 0.00225 டாலர், அதாவது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. திருப்பிப் பார்த்தால், ஒதுக்கிவைத்ததில் சராசரியாக 29 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தினால் ப்ரொவிஷன்ட் லாபம், அதற்குக் கீழே ஆன்-டிமாண்ட் லாபம். பழைய விலையில் இந்த எல்லை 14 சதவீதத்தில் இருந்தது.

எங்கள் டேபிளுக்கு உச்சத்துக்குப் பாதுகாப்பாக 1,500 யூனிட்டை மாதம் முழுக்க வைத்திருந்தால் 702 டாலர். அதில் நிஜமாகப் பயன்படுவது இரண்டே சதவீதம். ஆன்-டிமாண்டில் ஒரு தேர்வுக்கு ஒரு கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் யூனிட், 8.10 டாலர். நான்கு ஞாயிறுக்கு 32, மற்ற நேரத்துக்கு 16, மொத்தம் 49 டாலருக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது வழியும் உண்டு. நெரிசல் எப்போது வரும் என்று நமக்குத்தான் தெரியுமே, தேர்வுக்குக் கொஞ்சம் முன்பே யூனிட்டை ஏற்றிவைக்கலாம்:

```
aws application-autoscaling put-scheduled-action \
  --service-namespace dynamodb \
  --resource-id table/answers \
  --scalable-dimension dynamodb:table:WriteCapacityUnits \
  --scheduled-action-name sunday-up \
  --schedule "cron(15 9 ? * SUN *)" \
  --timezone "Asia/Kolkata" \
  --scalable-target-action MinCapacity=1500,MaxCapacity=2000
```

நேர மண்டல வரியை விட்டுவிட்டால் 9.15 என்பது உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளப்படும். நம் ஊரில் பிற்பகல் 2.45க்குத்தான் யூனிட் ஏறும், அப்போது பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிற்பகலில் இறக்குவதற்கு இதேபோல் இன்னொரு கட்டளையும் வேண்டும். அதில் குறைந்தபட்சத்தோடு அதிகபட்சத்தையும் இறக்கிவிடுங்கள். குறைந்தபட்சத்தை மட்டும் இறக்கினால் ஆட்டோ ஸ்கேலிங் தானாகக் குறைக்கும் வரை காத்திருக்க வேண்டும். நுகர்வு பூஜ்யமாகிவிட்ட டேபிளில் அது குறைப்பதே இல்லை.

இந்த வழியில் ஞாயிறு நான்கு மணி நேரத்துக்கு 3.90 டாலர், மற்ற நேரத்துக்கு 20 யூனிட் வாடகை ஒன்பது டாலர் சொச்சம். மாதம் 25 டாலர். ஆன்-டிமாண்டைவிட 24 டாலர் மிச்சம். ஆனால் இறக்கும் கட்டளை ஒருமுறை ஓடாமல் போய், 1,500 யூனிட் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டால் 23.40 டாலர் போய்விடும். ஒரு மாத மிச்சத்தை ஒரு நாள் மறதி தின்றுவிடுகிறது.

இதே நிறுவனத்தின் பாடக் காணொளிகளுக்கான டேபிளை நாங்கள் ப்ரொவிஷன்டிலேயே விட்டோம். அங்கே கூட்டம் காலையிலிருந்து இரவு பதினொன்று வரை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், சராசரிப் பயன்பாடு 45 சதவீதம் இருக்கும். அந்த வேகத்துக்கு ஆட்டோ ஸ்கேலிங் அழகாக ஈடுகொடுக்கும். தேர்வு டேபிள் பத்து மடங்கு பெரிதாகி மிச்சம் மாதம் 240 டாலர் என்று வந்தால், கால அட்டவணை வழியை மறுபடி யோசிப்பேன். இப்போதைக்கு அது ஆன்-டிமாண்டிலேயே இருக்கட்டும் என்றேன். ஏதாவது நிரல் பிழை விடாமல் எழுதித் தள்ளி பில்லை ஏற்றிவிடுமோ என்று உரிமையாளர் பயந்தார். அதற்காக ஆன்-டிமாண்டுக்கே நொடிக்கு 3,000 ரைட் யூனிட் என்று உச்சவரம்பு போட்டுக்கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்து வரைபடத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். ஒரு வாரம் ஞாயிறு வெறுமையாக இருந்தது, மேடு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நின்றது. விசாரித்தால், ஞாயிறு ஏதோ கல்யாண முகூர்த்தம், அதனால் தேர்வை முந்தைய நாளுக்கு மாற்றிவிட்டார்களாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. த்ராட்டில் கோடு அன்று பூஜ்யத்திலேயே படுத்திருந்தது.